பண்டிகை விற்பனையா, அடுத்த மாடல் வரும் வரை பொறுப்பதா? 65 அங்குல டிவிக்கு எது சரியான மாதம்?

வடக்குஜன்னல் (ஆகஸ்ட் 2025)

எட்டு ஆண்டுகளாக உழைத்த எங்கள் வீட்டு டிவியின் கீழ்ப்பாதி சென்ற வாரம் இருண்டுவிட்டது. மேலே பேசுபவரின் முகம் பளிச்சென்று தெரிகிறது. கீழே ஓடும் செய்தி வரியை வாசிக்க வேண்டுமானால் அறை விளக்கை அணைத்துவிட்டுக் கிட்டத்தில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. ஆகவே புதிதாக ஒன்று வாங்குவது உறுதியாகிவிட்டது. எங்கள் சுவருக்கும் நாற்காலிக்கும் உள்ள தொலைவை அளந்து பார்த்து 65 அங்குலம் என்று முடிவு செய்திருக்கிறோம், ஓஎல்இடி என்பதிலும் மாற்றமில்லை. என் கேள்வி காலத்தைப் பற்றியது மட்டுமே. எல்ஜியின் இந்த ஆண்டு மாடலான C5 இப்போது கிடைக்கிறது. சென்ற ஆண்டின் C4 சில இடங்களில் இன்னும் மிச்சமிருக்கிறது. இப்போதே வாங்குவதா, அக்டோபரில் வரும் பண்டிகை விற்பனைக்காக இரண்டு மாதம் பொறுப்பதா, அல்லது அடுத்த ஆண்டு புதிய மாடல் வந்து C5-இன் விலை விழும் வரை காத்திருப்பதா? அனுபவப்பட்டவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

ஆற்றுமணல்

இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை, நண்பரே. டிவி விலை இறங்கத்தான் செய்யும், ஏறவே ஏறாது. ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் லாஸ் வேகஸ் கண்காட்சியில் புதிய மாடல்களை அறிவிக்கிறார்கள். மார்ச் முதல் ஜூன் வரை அவை கடைக்கு வருகின்றன. புதியது வந்ததும் பழையதை எப்படியாவது தள்ளிவிட வேண்டும் என்ற நெருக்கடி கடைக்காரருக்கு வந்துவிடுகிறது. எனவே ஏப்ரல் வரை பொறுத்திருந்தால் அடிமட்ட விலையில் வாங்கலாம். பண்டிகை விற்பனை என்பது அவசரக்காரர்களுக்காக விரித்த வலை என்பது என் கருத்து.

கிடங்குக்கணக்கு

ஆற்றுமணல் சொன்ன நாள்காட்டி சரியானது. அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவு பாதிதான் சரி. மின்சாதன மொத்த வியாபாரத்தில் கொள்முதல் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில், விலை ஏறவே ஏறாது என்பது உண்மையல்ல. 2020-ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து 2021-ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரை எல்சிடி பேனல்களின் விலை தொடர்ந்து ஏறியது. வீட்டோடு முடங்கிய மக்கள் திரைகளாக வாங்கிக் குவித்ததும், உதிரி சில்லுகள் கிடைக்காததும் அதற்குக் காரணம். அந்த ஓராண்டில் இன்னும் இறங்கட்டும் என்று காத்திருந்தவர்கள் கூடுதலாகக் கொடுத்துத்தான் வாங்கினார்கள். அதன் பிறகு விலை சரிந்தது என்பதும் உண்மைதான். ஆனால் பேனல் சந்தையின் அலையை நம்மால் முன்கூட்டிக் கணிக்க முடியாது. ஒரு மாடல் பிறந்து முடியும் வரையிலான ஓராண்டுச் சரிவை மட்டுமே ஓரளவு நம்பலாம்.

அந்தச் சரிவு எப்படி இருக்கும் என்பதற்கு, சில ஆண்டுகளுக்கு முன் நானே வாரந்தோறும் குறித்து வைத்த ஒரு 65 அங்குல மாடலின் கணக்கைத் தருகிறேன். நாணயம் எதுவாயினும் பொருந்தட்டும் என்பதற்காக, அறிமுக விலையை 100 என்று வைத்துக்கொள்கிறேன். மார்ச் இறுதியில் 100-க்கு வந்தது ஜூனில் 90 ஆயிற்று, ஆகஸ்டில் 84 ஆயிற்று. அக்டோபர் விற்பனையில் ஒரே பாய்ச்சலில் 70-க்கு இறங்கியது. விற்பனை முடிந்த மறுவாரம் 77-க்கு ஏறி, ஆண்டிறுதி விற்பனையில் 69-க்கு வந்தது. பிப்ரவரியில் 71. புதிய மாடல் கடைக்கு வந்த ஏப்ரலில் 64. மே மாதம் 62 என்று விளம்பரம் வந்தது. ஆனால் அந்த விலைக்கு இருந்தவை 55 அங்குலமும் 77 அங்குலமும்தான். 65 அங்குலத்தில் எஞ்சியிருந்த சிலவற்றை ஒரே ஒரு விற்பனையாளர் வைத்திருந்தார், அவர் கேட்டது 73.

இதை மாதக் கணக்கில் வகுத்துப் பாருங்கள். ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை இரண்டு மாதம் பொறுத்தால் 14 மிச்சம், மாதத்துக்கு 7. அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை மேலும் ஆறு மாதம் பொறுத்தால் 6 மட்டுமே மிச்சம்; மாதத்துக்கு 1. அந்த ஒன்றுக்காக நீங்கள் விரும்பிய அளவு கிடைக்காமல் போகும் ஆபத்தையும் சேர்த்துச் சுமக்கிறீர்கள். எல்லா மாடலும் இதே எண்களில் இறங்கும் என்று நான் சொல்லவில்லை. சரிவின் வடிவம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். விற்பனைக் காலத்து இறக்கம் கடைக்காரரின் கையிலிருந்து மட்டும் வருவதில்லை. அந்தச் சில வாரங்களில் விற்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் தயாரிப்பாளரே ஒரு தொகையைத் திருப்பித் தருகிறார். வாரம் முடிந்ததும் அது நின்றுவிடுகிறது. விலை மீண்டும் ஏறுவது அதனால்தான்.

நூல்கண்டு

விற்பனையில் வாங்கி ஏமாந்தவள் என்ற தகுதியில் நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஐயா. இரண்டு ஆண்டுகளுக்கு முன் விற்பனை தொடங்கிய நள்ளிரவில் விழித்திருந்து 'பாதி விலை' என்று போட்டிருந்த டிவியை வாங்கினேன். மகன் விளையாட்டுப் பெட்டியை இணைத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, இது 60 ஹெர்ட்ஸ்தான், நாம் பார்த்து வைத்தது 120" என்றான். பெட்டியைத் தேடி எடுத்து வாசித்தேன். தொடரின் பெயர் நாங்கள் கடையில் பார்த்ததேதான். மாடல் எண்ணின் நடுவில் ஓர் எழுத்து மட்டும் வேறாக இருந்தது. நான்கு எச்டிஎம்ஐ துளைகள் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இருந்தன. விற்றவரிடம் கேட்டபோது, பக்கத்தில் எழுதியிருந்ததைத்தான் அனுப்பியிருக்கிறோம் என்றார். போய்ப் பார்த்தால் கடைசி வரியில் 60 என்று எழுதித்தான் இருந்தது. அந்த மாடல் வேறு எந்தக் கடையிலும் இல்லை என்பதால், 'முழு விலை' என்று அவர்கள் கோடு போட்டு அடித்த தொகை எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

கிடங்குக்கணக்கு

அம்மா, அந்த விலைக்கு யாரும் ஒருநாளும் அதை வாங்கியிருக்க மாட்டார்கள். விற்பனைக்கென்றே சில மாடல்கள் தனியாகத் தயாராகின்றன. தரமான தொடரின் பெயரைச் சுமந்துகொண்டு, உள்ளே ஒரு படி கீழான பேனலும் குறைந்த இணைப்புகளுமாக வருகின்றன. அவை கெட்ட பொருள்கள் அல்ல, விலைக்கேற்ற பொருள்கள். வேறொன்றோடு ஒப்பிட வைக்கிறார்கள் என்பதில்தான் தவறு இருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய வித்தை வேண்டியதில்லை. தொடரின் பெயரை விட்டுவிட்டு முழு மாடல் எண்ணைத் தேட வேண்டும். விற்பனைக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே மதிப்புரைகள் வந்திருக்கிறதா, குறைந்தது மூன்று விற்பனையாளர்களாவது அதே எண்ணை விற்கிறார்களா என்று பாருங்கள். இரண்டுமே இல்லையென்றால் அது விற்பனைக்காகப் பிறந்த குழந்தை.

எண்ணை வாசிக்கும் முறையும் எளிதுதான். `OLED65C4` என்றால் 65 அங்குலம், C தொடர், 4 என்பது 2024-ஆம் ஆண்டு. C5 என்றால் 2025. சாம்சங்கில் எழுத்தைப் பார்க்க வேண்டும்: `QN90C` 2023, `QN90D` 2024, `QN90F` 2025. இடையில் E என்ற எழுத்தை அவர்கள் விட்டுவிட்டார்கள். அதனால் F என்பதைப் பார்த்து இரண்டு தலைமுறை முன்னேறிவிட்டதாக மயங்க வேண்டாம்.

அடித்த விலையைப் பற்றியும் ஒரு சொல். விற்பனைக்குச் சில வாரம் முன்பு விலையை மெல்ல உயர்த்தி, பிறகு பழைய இடத்துக்கே கொண்டுவந்து தள்ளுபடி என்று எழுதுவது பழைய பழக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே மாதம் முதல், தள்ளுபடி அறிவிப்பவர் அதற்கு முந்தைய 30 நாள்களில் தாம் விற்ற மிகக் குறைந்த விலையையே அடிப்படையாகக் காட்ட வேண்டும் என்ற விதி நடைமுறையில் இருக்கிறது. மற்ற இடங்களில் அந்த வேலையை நாம்தான் செய்துகொள்ள வேண்டும். வடக்குஜன்னல் இன்றே C5-இன் விலையை எழுதி வைக்கட்டும். வாரம் ஒருமுறை ஒரே கிழமையில் பார்த்து எழுதினால் போதும். அக்டோபரில் அவருக்குத் தேவைப்படும் ஒரே சான்று அந்தத் தாள்தான்.

ஒளிவட்டம்

ஓஎல்இடி வாங்காதீர்கள் என்பதே என் ஆலோசனை. செய்தி அலைவரிசையின் சின்னம் திரையில் படிந்துபோவதை நானே என் மாமா வீட்டில் பார்த்திருக்கிறேன். மினி எல்இடி பிரகாசமாகவும் இருக்கும், பகல் வெளிச்சத்துக்கும் ஏற்றதாக இருக்கும்.

வடக்குஜன்னல்

ஒளிவட்டம் அவர்களுக்கு நன்றி. எந்த வகை என்பதை வீட்டில் பேசி முடித்துவிட்டோம். எங்கள் அறையில் பகலிலும் திரைச்சீலை மூடியே இருக்கும், செய்தியும் ஒரு நாளைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஓடாது. எப்போது வாங்குவது என்பதுதான் என் கேள்வி.

நேற்று ஒரு கடைக்குப் போய் வந்தேன். C4-இன் 65 அங்குலம் ஒன்றே ஒன்று இருக்கிறது, C5-இன் இன்றைய விலையில் மூன்றில் இரண்டு பங்குக்குத் தருகிறேன் என்றார்கள். ஆசையாகத்தான் இருந்தது. பெட்டி எங்கே என்று கேட்டபோது, சுவரில் ஓடிக்கொண்டிருந்ததையே காட்டினார்கள். கிடங்குக்கணக்கு அவர்களின் எண்ணிக்கைப்படி பார்த்தால் C5 இன்று 84, இது 56. விற்பனை வரை காத்திருக்காமல் இதை எடுத்துவிடலாமா?

கிடங்குக்கணக்கு

விலையைப் பார்க்காமல் மணியைப் பாருங்கள். ரிமோட்டை வாங்கி அமைப்புகளில் டிவியைப் பற்றிய தகவல் பக்கத்துக்குச் சென்றால், இந்தத் தொடரில் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்பது தெரியும். கடைச் சுவரில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் வீதம் முந்நூறு நாள் ஓடியிருந்தால் மூவாயிரம் மணி. வீட்டில் நாளுக்கு நான்கு மணி நேரம் பார்ப்பவருக்கு அது இரண்டு ஆண்டுக்கும் மேலான உழைப்பு. அதுவும் வீட்டில் நாம் வைக்கும் வெளிச்சத்தில் அல்ல. கடைக்கான முறையில், முழுப் பிரகாசத்தில், ஒரே விளம்பரக் காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டிய உழைப்பு. ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ந்து தேய்வதால், அந்த விளம்பரத்தில் அசையாமல் நின்ற எழுத்துகளின் சுவடு மற்ற இடங்களை விட முந்தித் தெரியும். வெறும் சாம்பல் நிறப் படம் ஒன்றையும், வெறும் சிவப்புப் படம் ஒன்றையும் திரை முழுக்க ஓடவிட்டுப் பாருங்கள். சுவடு இருந்தால் அதில் அகப்படும்.

பிரிக்காத பெட்டியில் இருக்கும் C4 என்றால் என் பதில் வேறாக இருந்திருக்கும். கிடங்கில் ஓராண்டு கிடந்ததால் பேனல் தேய்வதில்லை. உத்தரவாதமும் பொதுவாக உங்கள் ரசீதுத் தேதியிலிருந்தே தொடங்கும், ஆனாலும் அதை ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இருட்டறை

பழைய மாடலா புதியதா என்பதைப் பொதுவாகத் தீர்மானிக்க முடியாது. அந்த ஆண்டு என்ன மாறியது என்பதைப் பொறுத்தது. C3-இலிருந்து C4-க்கு வந்தபோது 120 ஹெர்ட்ஸ் 144 ஆனது, ஆனால் கணினியில் விளையாடாதவருக்கு அதனால் பயன் இல்லை. C4-க்கும் C5-க்கும் இடையே படத்தைக் கையாளும் சில்லு ஒரு தலைமுறை முன்னேறியிருக்கிறது, பிரகாசம் சற்றே கூடியிருக்கிறது. பக்கத்தில் வைத்து ஒப்பிடாமல் கண்டுபிடிப்பது கடினம். இங்கே பழையதை எடுப்பவர் எதையும் இழக்கவில்லை. அதே எல்ஜியின் G தொடரில் கதையே வேறு. G4-இல் நுண்வில்லைகள் பதித்த பேனல் இருந்தது. G5-இல் ஒளிரும் அடுக்குகளின் அமைப்பையே மாற்றி நான்கு அடுக்கு பேனலைக் கொடுத்திருக்கிறார்கள். பிரகாசத்தின் வேறுபாடு கண்ணுக்கே தெரிகிறது. ஒரே நிறுவனம், ஒரே ஆண்டு. ஒரு தொடரில் காத்திருந்து பழையதை வாங்குவது சாமர்த்தியம், இன்னொன்றில் அது சிக்கனம் என்ற பெயரில் செய்யும் இழப்பு. ஆண்டின் எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

ஆற்றுமணல்

என் ஏப்ரல் யோசனையை நான் முழுவதும் கைவிடவில்லை. 65 அங்குலம் தான் வேண்டும் என்று இல்லாதவருக்கு, கிடைத்த அளவை எடுத்துக்கொள்பவருக்கு, அதுவே இப்போதும் மலிவு. கிடங்குக்கணக்கு தந்த எண்களே அதைச் சொல்கின்றன.

ஆனால் யாரும் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. மென்பொருள் மேம்பாட்டுக்கான காலக்கெடு நாம் வாங்கிய நாளிலிருந்து ஓடுவதில்லை, மாடல் வெளியான ஆண்டிலிருந்து ஓடுகிறது. எல்ஜி ஐந்து ஆண்டுகளில் நான்கு மேம்பாடுகள் வரை தருவதாகவும், சாம்சங் 2024 மாடல்கள் தொடங்கி ஏழு ஆண்டுகள் தருவதாகவும் அறிவித்திருக்கின்றன. ஓராண்டு பழைய மாடலை எடுத்தால் அதில் ஓராண்டு போயே போய்விட்டது.

இருட்டறை

அதற்கு என்ன மதிப்புக் கொடுப்பது என்பதில்தான் நாம் வேறுபடுகிறோம். பின்னால் ஒரு சிறு ஸ்ட்ரீமிங் குச்சியைச் செருகிப் பார்ப்பவருக்கு டிவியின் சொந்த மென்பொருள் பழசானால் என்ன? என் பழைய டிவியில் செயலிகள் திறப்பதை நிறுத்தி நாளாகிவிட்டது, படம் மட்டும் இன்றும் அப்படியே இருக்கிறது.

ஆற்றுமணல்

குச்சியைச் செருகி, இரண்டு ரிமோட்டை வைத்துக்கொண்டு தடுமாறும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அப்படிச் சொல்ல மாட்டீர்கள்.

வடக்குஜன்னல்

கடைக்குத் திரும்பப் போய்ப் பார்த்தேன். 4,112 மணி நேரம். சிவப்புப் படத்தில் வலது மேல் மூலையில் ஒரு சொல்லின் நிழல், வாசிக்க முடியாவிட்டாலும், இருப்பது தெரிந்தது. கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது என் தயக்கம் இரண்டு மாதத்தை எப்படிக் கடத்துவது என்பதுதான். பாதித் திரையை வைத்துக்கொண்டு அக்டோபர் வரை ஓட்டுவதற்கு வீட்டில் யாரும் தயாராக இல்லை.

கிடங்குக்கணக்கு

முதல் பதிவிலேயே இதைக் கேட்டிருக்க வேண்டும். படம் முழுவதும் இருந்து, கீழ்ப்பாதி மட்டும் இருண்டிருக்கிறது என்றால் பேனல் நன்றாகவே இருக்கிறது. பேக்லைட்டின் எல்இடி பட்டைகளில் சில அணைந்திருக்க வேண்டும். ஒரு கைவிளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள், இருண்ட பகுதியில் படம் அசைவது தெரிந்தால் அதுவேதான். பட்டைகளை மாற்றுவது பழுதுபார்ப்பவருக்கு அரைநாள் வேலை. அதற்கு அவர் கேட்கும் தொகையை, பொறுப்பதால் மிச்சமாகும் 14-உடன் ஒப்பிடுங்கள். அது 4-க்குள் அடங்கினால் மாற்றிவிட்டுக் காத்திருங்கள். 8-ஐத் தாண்டினால் நான் இன்றே வாங்கிவிடுவேன். பட்டைகளை மாற்றும்போது திரைக்கண்ணாடியைக் கழற்ற வேண்டும், அது உடைந்தால் யார் பொறுப்பு என்பதை மட்டும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

வடக்குஜன்னல் (அக்டோபர் 2025)

இரண்டு மாதம் கழித்து வருகிறேன். பட்டைகளை மாற்றியாயிற்று, உங்கள் கணக்கில் 3 ஆனது. பழைய டிவி இப்போது படுக்கையறைக்கே தகுதியானதாகிவிட்டதால் அந்தச் செலவு வீணில்லை என்று வீட்டில் தீர்ப்பு. வாரந்தோறும் எழுதி வைத்ததில், ஆகஸ்டில் 84-ஆக இருந்த C5 செப்டம்பர் நடுவில் 88-க்கு ஏறியது. விற்பனை தொடங்கிய நாளில் 100-ஐக் கோடு போட்டு அடித்து 72 என்று போட்டார்கள். நீங்கள் சொன்ன 70-ஐ விட இரண்டு கூடுதல்தான், இருந்தாலும் தாளைப் பார்த்தபோது அது உண்மையான இறக்கம் என்று தெரிந்ததால் வாங்கிவிட்டேன்.

ஒரே ஒரு குழப்பம். பணம் கட்டும் முன் பார்த்தபோது இரண்டு விற்பனையாளர்களின் எண்களில் `OLED65C5` வரை ஒன்றாகவும், கடைசி எழுத்துகள் வேறாகவும் இருந்தன. நூல்கண்டு அவர்களின் கதை நினைவுக்கு வந்து கை நடுங்கியது. விவரப் பட்டியலை வரிக்கு வரி ஒப்பிட்டேன். எந்த வேறுபாடும் தெரியவில்லை. நான் எடுத்தது சரிதானா?

கிடங்குக்கணக்கு

கடைசி எழுத்துகள் எந்தப் பகுதிக்கான பொருள், எந்த விற்பனையாளருக்கானது என்பதைக் குறிப்பவை. சிலவற்றில் தாங்கியின் வடிவமோ சட்டத்தின் நிறமோ மாறும். ஹெர்ட்ஸும் எச்டிஎம்ஐ எண்ணிக்கையும் ஒத்திருந்தால் பயப்பட வேண்டாம். வேறு பகுதிக்கான எழுத்தாக இருந்தால் மட்டும் உத்தரவாதம் செல்லுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெட்டி வந்ததும், பொருத்துபவர் போவதற்கு முன்பே, அந்தச் சாம்பல் படத்தை ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள்.

நூல்கண்டு

எச்டிஎம்ஐ துளைகளையும் எண்ணிவிடுங்கள், தம்பி.